எக்ஸ்பான்ஷன் வால்வில் தடுமாறும் கோடு: குளிர்பதனச் சுழற்சி வரைபடத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆவி அமுக்கக் குளிர்பதனச் சுழற்சியை இரண்டு விதமாக வரைவார்கள். கம்ப்ரசர், கண்டென்சர், எக்ஸ்பான்ஷன் வால்வு, எவாப்பரேட்டர் ஆகியவற்றை நான்கு கட்டங்களாகப் போட்டுக் குழாயால் இணைப்பது ஒன்று. நிமிர் அச்சில் அழுத்தத்தையும் கிடை அச்சில் ஒரு கிலோ குளிர்பதனி சுமந்து செல்லும் ஆற்றலான என்தால்பியையும் வைத்து வரையும் அழுத்தம்–என்தால்பி வரைபடம் மற்றொன்று. குழாய் எந்த வழியாகப் போகிறது என்பதை முதல் படம் சொல்கிறது. குழாய்க்குள் ஓடும் குளிர்பதனிக்கு என்ன நேர்கிறது என்பதை இரண்டாவது சொல்கிறது. முதல் படத்துக்குப் பழகிய கண்ணோடு இரண்டாவதைப் படிக்கும்போதுதான் பெரும்பாலான பிழைகள் வருகின்றன.

மூலையில் இயந்திரத்தை எழுதுவது

கட்டப் படத்தில் கட்டம் என்பது இயந்திரம், கோடு என்பது குழாய். அழுத்தம்–என்தால்பி வரைபடத்தில் இது அப்படியே தலைகீழ். அங்கே கோடுதான் இயந்திரம். இரண்டு இயந்திரங்களுக்கு நடுவே உள்ள குழாயில் குளிர்பதனி எந்த நிலையில் இருக்கிறது என்பதையே மூலைப்புள்ளி காட்டுகிறது. மூலையில் ‘கம்ப்ரசர்’ என்று எழுதிவிட்டால் அடுத்து வரும் எல்லாமே ஓர் இடம் தள்ளிப் போய்விடும்.

வழக்கமான எண்ணிடல் இது: கம்ப்ரசருக்குள் நுழையும் இடம் 1, வெளியேறும் இடம் 2, கண்டென்சரிலிருந்து வெளியேறும் இடம் 3, வால்வைத் தாண்டிய இடம் 4. 1–2 வலப்புறம் சாய்ந்து மேலே ஏறும். 2–3 இடப்புறமாகக் கிடையாகப் போகும். 3–4 செங்குத்தாகக் கீழே இறங்கும். 4–1 வலப்புறமாகக் கிடையாகத் திரும்பும். எல்லா நூல்களும் எண்ணிடலை ஒரே இடத்தில் தொடங்குவதில்லை. அதனால் எண்ணை மட்டும் மனப்பாடம் செய்யாமல், அந்த எண் எந்தக் குழாயைக் குறிக்கிறது என்று முதலில் பாருங்கள்.

கேஜ் அழுத்தத்தை வரைபடத்தில் போடுவது

இனி ஒரே ஓர் உதாரணத்தைக் கடைசி வரை பிடித்துக்கொள்வோம். குளிர்பதனி ஆர்134ஏ. எவாப்பரேட்டரில் அது −10 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது, கண்டென்சரில் 40 டிகிரியில் திரவமாகிறது. இந்த வெப்பநிலைகளுக்குரிய தெவிட்டு அழுத்தங்கள் சுமார் 2.0 பார், 10.2 பார். இரண்டும் முழு அழுத்தங்கள்.

இயந்திரத்தில் மாட்டிய கேஜ் இவற்றை 1.0 என்றும் 9.2 என்றும் காட்டும், ஏனென்றால் வளிமண்டல அழுத்தத்தை அது கணக்கில் சேர்ப்பதில்லை. வரைபடத்தின் அச்சோ பெரும்பாலும் முழு அழுத்தத்தில்தான் இருக்கும். கேஜ் எண்ணை அப்படியே அதில் குறித்தால் எவாப்பரேட்டர் கோடு கீழே இறங்கி, −26 டிகிரியில் கொதிப்பதாகக் காட்டும். அழுத்த விகிதம் உண்மையில் 5 தான். கேஜ் எண்களை வகுத்தால் 9 வரும். கம்ப்ரசர் அளவுக்கு மீறி உழைப்பது போன்ற தோற்றத்தை அது தரும். இரண்டு எண்களிலும் 1 பாரைக் கூட்டிய பிறகே வகுக்க வேண்டும்.

கம்ப்ரசரைவிட்டு வரும் ஆவி 40 டிகிரியில் இருக்கும் என்று நினைப்பது

புள்ளி 1-இல் தெவிட்டிய ஆவியின் என்தால்பி கிலோவுக்கு 392.7 கிலோஜூல். இழப்பே இல்லாமல், என்ட்ரோபி மாறாமல் அமுக்கினால் புள்ளி 2-இல் அது சுமார் 426.5 ஆகிறது. அங்கே வெப்பநிலை 46 டிகிரி. இழப்புள்ள உண்மையான கம்ப்ரசரில் இதே அழுத்தத்தில் ஆவி 60 டிகிரியில் வெளியே வருவதும் இயல்பு. வரைபடத்தில் திரவமும் ஆவியும் கலந்திருக்கும் பகுதியைச் சூழும் வளைவே குவிமாடம்; அதன் இடது விளிம்பில் முழுவதும் திரவம், வலது விளிம்பில் முழுவதும் ஆவி. ஆக, புள்ளி 2 குவிமாட வளைவின் மேல் உட்காராது, அதற்கு வலப்புறம் தள்ளித்தான் விழும். 1–2 கோட்டைச் செங்குத்தாக வரைந்தால் கம்ப்ரசர் எந்த வேலையும் செய்யவில்லை என்று பொருளாகிவிடும்.

கண்டென்சர் முதலில் இந்தக் கூடுதல் வெப்பத்தை எடுத்து ஆவியை 40 டிகிரிக்குக் கொண்டுவருகிறது. அதற்கு நம் உதாரணத்தில் 7 கிலோஜூல் மட்டுமே போகிறது. அதன் பிறகு 163 கிலோஜூலை 40 டிகிரியிலேயே இழந்து ஆவி முழுவதும் திரவமாகிறது. கண்டென்சர் வெளியேற்றும் மொத்தம் 170. எவாப்பரேட்டர் வாங்கியதை மட்டும் கண்டென்சர் வெளியே விடுகிறது என்று கணக்கிடுவோர் கம்ப்ரசர் சேர்த்த 34 கிலோஜூலை மறந்துவிடுகிறார்கள்.

வால்வைத் தாண்டியது முழுவதும் குளிர்ந்த திரவம் என்று கொள்வது

நான்கு கோடுகளில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது 3–4 தான், அதனால் இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வால்வுக்குள் 40 டிகிரியில் திரவம் போகிறது, −10 டிகிரியில் வெளியே வருகிறது. ஐம்பது டிகிரி குறைந்திருக்கிறதே, அந்த வெப்பம் எங்கே போனது என்ற கேள்வி இயல்பாக எழும். வால்வின் உடல் வழியாக வெளியேறியது என்று சிலர் நினைத்து, 3–4 கோட்டை இடப்புறம் சாய்த்து வரைகிறார்கள். அது தவறு. வால்வு மிகச் சிறியது, குளிர்பதனி அதைக் கணத்தில் கடந்துவிடுகிறது. வெளியேறும் வெப்பம் பொருட்படுத்தத் தக்கதல்ல. சுழலும் பாகம் எதுவும் இல்லாததால் வேலையும் வெளியே போவதில்லை. ஆகவே முன்னும் பின்னும் என்தால்பி ஒன்றே: 256.4 கிலோஜூல்.

வெப்பநிலை குறைவதற்குக் காரணம் திரவத்துக்குள்ளேயே இருக்கிறது. 2 பார் அழுத்தத்தில் ஆர்134ஏ திரவம் −10 டிகிரிக்கு மேல் திரவமாக நிலைக்க முடியாது. −10 டிகிரித் திரவத்தின் என்தால்பி 186.7 மட்டுமே. கையில் இருப்பதோ 256.4. மிஞ்சிய 69.7 கிலோஜூலை வைத்துத் திரவத்தின் ஒரு பகுதி அங்கேயே கொதித்து ஆவியாகிறது. ஒரு கிலோ முழுவதும் ஆவியாக 206 கிலோஜூல் வேண்டும். 69.7-ஐ 206-ஆல் வகுத்தால் 0.34. அதாவது எவாப்பரேட்டருக்குள் நுழைவதற்கு முன்பே மூன்றில் ஒரு பங்கு ஆவியாகிவிட்டது. மீதியைக் குளிரவைக்கத் தன்னையே செலவழித்த பங்கு அது.

எடையில் மூன்றில் ஒரு பங்குதான். கன அளவில் படமே மாறிவிடும். அந்த 340 கிராம் ஆவி சுமார் 34 லிட்டர் இடத்தை அடைக்கும், மீதி 660 கிராம் திரவத்துக்கு அரை லிட்டர் போதும். வால்வைத் தாண்டிய குழாயை முழுக்க நீல நிறத் திரவமாகத் தீட்டும் படங்கள் இதனால்தான் தவறான எண்ணத்தை விதைக்கின்றன. அந்தக் குழாயில் இடத்தை நிரப்பியிருப்பது ஏறத்தாழ முழுவதும் ஆவி.

இதை விட்டுவிட்டால் கணக்கும் பிழையாகும். புள்ளி 4-ஐக் குவிமாடத்தின் இடது விளிம்பில் வைப்பவர் குளிர்விக்கும் திறனைக் கிலோவுக்கு 206 என்று எடுப்பார். அதைக் கம்ப்ரசர் வேலையான 33.8-ஆல் வகுத்தால் செயல்திறன் குணகம் 6.1 வரும். −10 டிகிரிக்கும் 40 டிகிரிக்கும் இடையே எந்த இயந்திரமும் தாண்ட முடியாத கார்னோ எல்லை 5.26. அந்த எல்லையை மீறிய விடை வந்தால் உடனே புள்ளி 4-ஐத் திரும்பிப் பார்க்க வேண்டும். சரியான கணக்கு 392.7-இலிருந்து 256.4-ஐக் கழிப்பது: 136.3. குணகம் 4.0.

3–4 கோட்டைப் பல நூல்கள் புள்ளிக்கோடாக வரைவதற்கும் காரணம் உண்டு. வால்வின் குறுகிய தொண்டையில் குளிர்பதனி வேகமெடுத்துக் கொந்தளிக்கிறது. நடுவழியில் அது சீரான நிலைகள் வழியாகக் கடப்பதில்லை. தொடக்கமும் முடிவும் மட்டுமே உறுதி. என்தால்பி மாறவில்லை என்பதால் என்ட்ரோபியும் மாறவில்லை என்று கொள்ளக்கூடாது; வால்வில் அது நிச்சயம் கூடுகிறது.

எவாப்பரேட்டரில் வெப்பநிலை ஏறிக்கொண்டே போகிறது என்று படிப்பது

4–1 கோடு வலப்புறம் நீள்வதைப் பார்த்து, வெப்பம் ஏற ஏறக் குளிர்பதனி சூடாகிறது என்று எண்ணுகிறார்கள். குவிமாடத்துக்குள் அழுத்தம் மாறாத வரை வெப்பநிலையும் மாறாது. வாங்கும் வெப்பம் முழுவதும் மீதித் திரவத்தை ஆவியாக்கவே போகிறது. வலது விளிம்பைத் தாண்டிய பிறகுதான் ஆவி சூடேறும், அதுவே சூப்பர்ஹீட். கேஜ் 1.0 பார் காட்டி, கம்ப்ரசருக்குப் போகும் குழாய் −4 டிகிரியில் இருந்தால் சூப்பர்ஹீட் 6 டிகிரி. அது பூஜ்யமாக இருந்தால் கம்ப்ரசருக்குள் திரவம் போய்க்கொண்டிருக்கலாம். கம்ப்ரசரின் உள் வால்வுகள் உடையும் ஆபத்து உண்டு.

இது ஒற்றைப் பொருளான ஆர்134ஏ-வுக்குப் பொருந்தும். ஆர்407சி போன்ற கலவைகளில் கொதிக்கும்போதே வெப்பநிலை சில டிகிரி நகரும், அங்கே சம வெப்பநிலைக் கோடு குவிமாடத்துக்குள்ளும் சாய்ந்திருக்கும்.

இரண்டு அட்டவணைகளைக் கலப்பது

என்தால்பிக்குப் பூஜ்யம் எங்கே என்பது அட்டவணை தயாரித்தவரின் தேர்வு. மேலே உள்ள எண்கள், 0 டிகிரித் திரவத்துக்கு 200 என்று வைத்தவை. −40 டிகிரித் திரவத்துக்குப் பூஜ்யம் வைக்கும் அட்டவணைகளும் பரவலாக உள்ளன. அவற்றில் ஆர்134ஏ-வின் ஒவ்வொரு எண்ணும் சுமார் 148 குறைவாக இருக்கும். புள்ளி 1-ஐ ஒன்றிலிருந்தும் புள்ளி 3-ஐ மற்றொன்றிலிருந்தும் எடுத்தால் குளிர்விக்கும் திறன் 284 என்று வரும். முழு உள்ளுறை வெப்பமே 206 என்னும்போது அது நடக்காத காரியம்.

செங்குத்துக் கோடு வால்வுக்கு முன்பே தொடங்கினால்

புள்ளி 3-ஐக் குவிமாட விளிம்பிலேயே வைப்பது பாடத்துக்குச் சரி, இயந்திரத்துக்குப் போதாது. விளிம்பில் நிற்கும் திரவம் குழாயில் சிறிது அழுத்தம் இழந்தாலும் கொதித்துவிடும். திரவத்தை 35 டிகிரி வரை குளிரவைத்தால், அதாவது 5 டிகிரி சப்கூலிங் கொடுத்தால், புள்ளி 3 இடப்புறம் 249-க்கு நகரும். குளிர்விக்கும் திறன் 143.7 ஆகி 5 சதவீதம் கூடும். இன்னொரு பயனும் உண்டு. 35 டிகிரிக்குரிய தெவிட்டு அழுத்தம் சுமார் 8.9 பார். கண்டென்சர் அழுத்தம் 10.2. ஆக, வால்வுக்கு முன் 1.3 பார் வரை அழுத்தம் இழந்தாலும் திரவம் திரவமாகவே வந்து சேரும்.

வால்வுக்கு முன் ஈரத்தையும் தூசியையும் பிடிக்கும் ஃபில்டர் டிரையர் அடைத்துக்கொண்டு இதைவிட அதிகமாக அழுத்தத்தை இழக்கவைத்தால், 3–4 இறக்கத்தின் ஒரு பகுதி அங்கேயே நடந்துவிடும். டிரையரின் வெளிவாய் உள்வாயைவிடத் தொட்டாலே தெரியும் அளவுக்குக் குளிர்ந்திருக்கும், சில சமயம் வியர்க்கும். அதற்கு அடுத்து, குழாய்க்குள் ஓடுவதைப் பார்க்க வைத்திருக்கும் சைட் கிளாஸில் குமிழிகள் ஓடும். குளிர்பதனி குறைந்தாலும் குமிழி வரும் என்பதால், குமிழியைக் கண்டதும் சிலிண்டரை எடுத்து நிரப்பிவிடக் கூடாது. முதலில் டிரையரின் இரு முனைகளிலும் வெப்பநிலையை அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்து, கண்டென்சர் வெளிவாயிலும் சப்கூலிங் இல்லை என்றால்தான் குளிர்பதனிக் குறைவைச் சந்தேகிக்க வேண்டும்.