வெள்ளிக்கிழமை ஐந்து மணிக் கெடு: இன்னொரு நிறுவனத்திடம் விரைந்த முடிவு கேட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொக்குவிலைச் சேர்ந்த, எனக்குத் தெரிந்த கணக்கியல் பட்டதாரி ஒருவருக்கு யாழ்ப்பாண நகரில் உள்ள ஒரு நிறுவனம் திங்கட்கிழமை பிற்பகல் ஒஃபர் கடிதம் அனுப்பி, வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் பதில் தரும்படி கேட்டிருந்தது. அவருடைய மனமோ, அதற்கு முந்தைய வாரம் இறுதி நேர்முகத் தேர்வை முடித்திருந்த கொழும்பு நிறுவனத்தின் மீதே இருந்தது. அவசரப்படுத்தினால் தவறாக எண்ணிவிடுவார்களோ என்று தயங்கிய அவர், வியாழக்கிழமை நண்பகலில்தான் அங்கே ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். "எனது விண்ணப்பம் தொடர்பாக ஏதேனும் தகவல் உண்டா?" என்பதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. அடுத்த வாரம் அறிவிப்பதாகப் பதில் வந்தது. அவர் அதை மறுப்பு என்று எடுத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை யாழ்ப்பாண நிறுவனத்தின் கடிதத்தில் கையொப்பமிட்டார். திங்கட்கிழமை காலை கொழும்பிலிருந்து அழைப்பு வந்தது: அவரைத் தெரிவு செய்துவிட்டார்களாம்.

இதில் முதல் தவறு நாட்களை எண்ணியதில் நடந்தது. திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து நாட்கள் இருப்பதாக அவர் நினைத்தார். ஆனால் புதன்கிழமை போயா விடுமுறை. திங்கட்கிழமை அலுவலக நேரம் முடிந்துகொண்டிருந்தது. ஆகவே கொழும்பு நிறுவனத்துக்கு உண்மையில் கிடைக்கக்கூடியவை செவ்வாய், வியாழன், வெள்ளி ஆகிய மூன்று வேலை நாட்கள் மட்டுமே. அவற்றில் ஒன்றரையை அவருடைய தயக்கமே தின்றுவிட்டது. ஒஃபர் கடிதம் எழுத்தில் கையில் கிடைத்த அன்றே, பிந்தினால் மறுநாள் காலையிலேயே, மற்ற நிறுவனத்துக்கு அறிவிக்க வேண்டும். "உங்களை எடுத்துவிட்டோம்" என்று தொலைபேசியில் சொன்னதை மட்டும் வைத்துக்கொண்டு அறிவிப்பது எதிர்ப்பக்கத் தவறு. அந்தக் கடிதம் வராமலே போனதும் உண்டு.

ஏன் இத்தனை அவசரம் என்பதை விளங்கிக்கொள்ள, நேர்முகத் தேர்வு முடிந்த பின் நிறுவனத்துக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். நான் சில ஆண்டுகள் மனிதவளப் பிரிவில் வேலை செய்தவன். தேர்வுக் குழுவினர் தங்கள் கருத்தை எழுதித் தருவார்கள், துறைத் தலைவர் ஒருவரைத் தெரிவு செய்வார், சம்பளத் தொகைக்கு நிதிப் பிரிவின் அனுமதி பெறப்படும், அதன் பிறகே கடிதம் தயாராகும். பெரும்பாலும் இந்த வேலை எதுவும் கடினமானதல்ல. கோப்பு ஒவ்வொரு மேசையிலும் காத்துக் கிடப்பதால்தான் நாட்கள் போகின்றன. ஒரு திகதியைக் காட்டினால் அந்தக் காத்திருப்பைக் குறைக்க முடியும். திகதி எதுவும் இல்லாத "ஏதேனும் தகவல் உண்டா" என்ற மின்னஞ்சலுக்கு, மனிதவள அலுவலர் எல்லோருக்கும் எழுதும் பதிலைத்தான் எழுதுவார். மேற்சொன்ன பிள்ளையின் விடயத்தில் துறைத் தலைவரின் ஒப்புதல் மட்டுமே மிச்சமாக இருந்ததாம்.

அவர் செவ்வாய்க்கிழமை காலை எழுதியிருக்க வேண்டிய கடிதத்தின் சாரம் இதுதான். கடிதம் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் போகும் என்றாலும், பொருள் மாறாது:

"சென்ற வாரம் நடந்த இறுதி நேர்முகத் தேர்வுக்கு நன்றி. எனக்கு வேறொரு நிறுவனத்திலிருந்து எழுத்து மூலமான ஒஃபர் கிடைத்துள்ளது. அதற்கு இந்த வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்குள் நான் பதில் அளிக்க வேண்டும். எனது முதல் விருப்பம் உங்கள் நிறுவனமே. வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள் உங்கள் முடிவை அறிய முடியுமா? கடிதம் தயாராக நாளாகுமாயின், முடிவை மட்டும் மின்னஞ்சலில் உறுதிப்படுத்தினாலும் போதும்."

கெடு ஐந்து மணி என்று உண்மையைச் சொல்லிவிட்டு, பதிலை நண்பகலுக்குக் கேட்பதைக் கவனிக்கவும். வந்த பதிலை வாசிக்கவும் வீட்டாருடன் பேசவும் அந்த இடைவெளி தேவை. முடிவையும் கடிதத்தையும் பிரித்துக் கேட்பதும் முக்கியம், ஏனெனில் இரண்டு நாட்களில் கடிதம் தர இயலாத நிறுவனத்தால் முடிவைச் சொல்ல முடியலாம். இதை மனிதவள அலுவலருக்கு அனுப்பி, துறைத் தலைவரின் முகவரி உங்களிடம் இருந்தால் அவருக்கும் பிரதி வைப்பது நல்லது. ஒரு வேலை நாள் கழிந்தும் பதில் இல்லாவிட்டால் ஒரேயொரு முறை தொலைபேசியில் அழைக்கலாம். காலையும் மாலையும் நினைவூட்டுவது கோப்பை நகர்த்தாது.

இந்தக் கடிதத்தில் சம்பளப் பேச்சைக் கலப்பது, பலர் தங்களைக் கெட்டிக்காரர் என்று நினைத்துக்கொண்டு செய்யும் தவறு. "அங்கே இவ்வளவு தருகிறார்கள்" என்று எழுதிய கணமே, விரைவு கேட்ட கடிதம் பேரம் பேசும் கடிதமாகிவிடுகிறது; கோப்பு மீண்டும் நிதிப் பிரிவுக்குத் திரும்பி, நீங்கள் மிச்சப்படுத்த நினைத்த நாட்களே வீணாகின்றன. சம்பளத்தை அவர்களின் ஒஃபர் வந்த பிறகு பேசலாம். இல்லாத ஒஃபரை இருப்பதாகச் சொல்வது அதைவிட மோசம். "அப்படியானால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள், வாழ்த்துகள்" என்று பதில் வந்தால் அதன் பிறகு சொல்ல எதுவும் இருக்காது.

நேர்முகத் தேர்வின் முதற்கட்டம் மட்டுமே முடிந்திருந்தால் இந்தக் கடிதம் பொருந்தாது. அப்போது முடிவைக் கேட்காமல், மீதிக் கட்டங்களை ஒரே நாளில் நடத்த முடியுமா என்று கேட்க வேண்டும்.

இன்னொரு பக்கத்தில், கெடு வைத்தவரிடமே அவகாசம் கேட்க மறந்துவிடுகிறார்கள். இரண்டு மூன்று வேலை நாட்கள் கூடுதலாகக் கேட்பது பல இடங்களில் இயல்பாகவே எடுத்துக்கொள்ளப்படும், ஆனால் வெள்ளிக்கிழமை நாலரை மணிக்குக் கேட்டால் அல்ல. யாழ்ப்பாணத்தின் சிறிய நிறுவனங்களில் உரிமையாளரே முடிவெடுப்பவராக இருப்பார். மின்னஞ்சலில் வரும் தாமதக் கோரிக்கையை அவர் அலட்சியமாக எடுத்துக்கொள்ளவும் கூடும். நேரில் போய், அல்லது தொலைபேசியில், புதன்கிழமை போயா என்பதால் அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை வரை தவணை தர முடியுமா என்று திகதியோடு கேட்பதே பொருத்தம். கேட்பது ஒரு முறைதான்.

கடைசியாக, வரும் பதிலை வாசிப்பதில் நடக்கும் தவறு. "உங்கள் கெடுவைச் சில நாட்கள் தள்ளிப்போட முடியுமா?" என்று நிறுவனம் திருப்பிக் கேட்டால், அது பெரும்பாலும் ஆர்வத்தின் அடையாளம். "நீங்கள் நல்ல விண்ணப்பதாரர், ஆனால் இந்த வாரம் உறுதி கூற முடியாது" என்றால், முதலாவதாகத் தெரிவானவரின் பதிலுக்காக அவர்கள் காத்திருக்கவும் கூடும். நானே அப்படிப் பலருக்கு எழுதியிருக்கிறேன். கெடு தெளிவாகச் சொல்லப்பட்ட பிறகும் நண்பகல் வரை மௌனமாக இருந்தால், அதை இல்லை என்றே எடுத்துக்கொண்டு கையிலுள்ள ஒஃபரைப் பற்றி முடிவெடுக்க வேண்டும். அதை ஏற்றுக்கொண்டால், மற்ற நிறுவனத்துக்கு அன்று மாலையே இரண்டு வரியில் விண்ணப்பத்தை மீளப் பெறுவதாக அறிவித்துவிடவும். அந்த இரண்டு வரி போகாததால்தான், கொக்குவில் பிள்ளைக்குத் திங்கட்கிழமை அந்த அழைப்பு வந்தது.