துணிவு என்றால் என்ன? கேட்டு மடக்கும்போது நாம் விடும் பிழைகள்

களுவாஞ்சிகுடியில் உயர்தர மாணவர்களுக்கு அளவையியல் சொல்லிக் கொடுக்கிறேன். சோக்ரடீசின் விசாரணை முறைக்கு வந்தவுடன் வகுப்பில் ஒருவராவது, "கோட்ஸ்ல லோயர் கேட்கிற மாதிரித்தானே சேர்?" என்பார். இரண்டுக்கும் நாம் குறுக்கு விசாரணை என்ற ஒரே பெயரைச் சொல்வதால் வரும் மயக்கம் இது. முதல் பிழையும் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

நீதிமன்றத்தில் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும் சட்டத்தரணிக்கு சாட்சி தன் பிழையை ஒத்துக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லை. அவர் பேச்சு நம்பத்தக்கதல்ல என்று நீதிபதிக்குப் பட்டால் போதும். சோக்ரடீசின் விசாரணையில் நீதிபதி என்று மூன்றாம் ஆள் கிடையாது. பதில் சொல்பவரே சாட்சி, அவரே தீர்ப்பும் சொல்ல வேண்டும். பார்த்துக்கொண்டிருக்கும் நூறு பேர் கைதட்டினாலும் அவர் "ஓம், நான் சொன்ன இரண்டும் ஒன்றாக நிற்காது" என்று சொல்லாதவரை ஒன்றும் நடக்கவில்லை. அதனால்தான் சோக்ரடீஸ் ஒவ்வொரு படியிலும் நின்று "இதை ஒத்துக்கொள்கிறாயா?" என்று கேட்டுக் கேட்டுப் போகிறார். வாசிக்கிறவருக்கு அது சலிப்பாக இருக்கலாம். ஆனால் அந்தச் சம்மதங்களை எடுத்துவிட்டால் அந்த முறையில் மிஞ்ச எதுவும் இல்லை.

இது எனக்குப் புத்தகத்தில் விளங்கவில்லை, கடற்கரையில்தான் விளங்கியது.

எங்கள் மாமா ஒருவர் நாற்பது வருடத்துக்கு மேல் கடலுக்குப் போனவர். ஒரு பின்னேரம் வாடியடியில் பழைய கதை சொல்லிக்கொண்டிருந்தார். மாரி காலம், கடல் திடீரென்று எழும்பிவிட்டதாம். அவருடைய கூட்டாளி, வலை போனால் போகட்டும் என்று கயிற்றை வெட்டிவிட்டு, வள்ளத்தில் இருந்த சின்னப் பெடியனைப் பத்திரமாகக் கரைக்குக் கொண்டுவந்து சேர்த்தாராம். "அவன்தான் மனே துணிஞ்சவன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, சும்மா இருக்க முடியாமல் நான் கேட்டேன்: "மாமா, துணிவு எண்டா என்ன?" அவர் யோசிக்கவே இல்லை. "கடல் எழும்பினாலும் வலையை விட்டிட்டு ஓடி வராம நிக்கிறதுதான்."

நான் பாய்ந்துவிட்டேன். "அப்ப உங்கட கூட்டாளி கோழை. நீங்க சொன்னது பிழை!" மாமா என்னை ஒரு பார்வை பார்த்தார். "அது வேற, இது வேற" என்று எழும்பிப் போய்விட்டார். கதை அத்தோடு சரி.

நான் கண்டது உண்மையான முரண்பாடுதான். இருந்தும் அதை அவர் காணும்படி நான் விடவில்லை. "கயிற்றை வெட்டிவிட்டு வந்தது ஓடி வந்ததா?" என்ற கேள்வியை அவரிடம் கேட்காமல், என் விடையை அவர் வாயில் போட்டேன். அந்த ஒரு படியில்தான் எல்லாமே இருந்தது.

இனி கிரேக்கத்துக்குப் போவோம், ஏனென்றால் மாமா சொன்னதும் லாக்கேஸ் சொன்னதும் ஏறக்குறைய ஒன்றுதான். லாக்கேஸ் ஏதென்சின் படைத்தளபதி. பிளேட்டோ அவர் பெயரிலேயே ஓர் உரையாடல் எழுதியிருக்கிறார். பிள்ளைகளுக்குக் கவசம் அணிந்து போரிடும் பயிற்சி தேவையா என்று இரண்டு தகப்பன்மார் கேட்க, பேச்சு மெல்லத் துணிவு என்றால் என்ன என்பதற்குத் திரும்புகிறது. லாக்கேசுக்கு அது மிக எளிய கேள்வி. அணியில் தன் இடத்தில் நின்று எதிரியை எதிர்கொண்டு, ஓடாமல் இருப்பவனே துணிவுள்ளவன் என்கிறார்.

வேடிக்கை என்னவென்றால், சில பக்கங்களுக்கு முன்னால் அதே லாக்கேஸ் சோக்ரடீசைப் புகழ்ந்திருப்பார். கி.மு. 424இல் டெலியத்தில் ஏதென்ஸ் தோற்றுப் பின்வாங்கியபோது சோக்ரடீஸ் தன்னோடு வந்தார், எல்லோரும் அவரைப் போல இருந்திருந்தால் நகரத்துக்கு அந்த வீழ்ச்சியே வந்திருக்காது என்று. பின்வாங்கியவரின் துணிவை மெச்சிய அதே வாய்தான் பின்வாங்காததே துணிவு என்கிறது. நான் என்றால் அந்த இடத்திலேயே பிடித்திருப்பேன். சோக்ரடீஸ் அதைத் தொடவே இல்லை. தன்னைப் பற்றிய புகழ்ச்சியைத் தானே சான்றாக எடுக்க அவருக்கு மனம் வரவில்லையோ என்னவோ. அதற்குப் பதிலாக, பின்வாங்கிக்கொண்டே போரிடும் சீத்தியர் என்ற நாடோடி மக்களைக் காட்டுகிறார். அது குதிரைப்படை என்று லாக்கேஸ் நழுவப் பார்க்கிறார். சரி என்று, பிளாட்டியாவில் ஸ்பார்ட்டாவின் காலாட்படையே முதலில் பின்வாங்கி, பாரசீக அணி குலைந்ததும் திரும்பி அடித்து வென்றதைக் காட்டுகிறார். லாக்கேஸ் ஒத்துக்கொள்கிறார். அவர் சுருக்கிய எல்லைக்குள்ளேயே, அவர் மதிக்கும் வீரர்களையே எடுத்துக்காட்டாகக் கொடுத்தபடியால் மறுக்க வழியில்லை. எதிர் எடுத்துக்காட்டு கேட்பவருக்குப் பிடித்ததாக இருந்து பயனில்லை, பதில் சொல்பவர் தானாகவே "ஓம், அதுவும் துணிவுதான்" என்று சொல்வதாக இருக்க வேண்டும்.

அடுத்த பிழை எங்கள் மாணவர்களிடம் அடிக்கடி காண்பது. வரையறை கேட்டால் ஒருவர் எடுத்துக்காட்டைச் சொல்வார், கேட்டவர் அது எடுத்துக்காட்டு என்று சொல்லி அதை ஒதுக்கியும் விடுவார். ஒதுக்கத் தேவையில்லை. லாக்கேஸ் சொன்னது துணிவுதான், ஆனால் துணிவின் ஒரு மூலை. சோக்ரடீஸ் அவரிடம் கேட்டது, போரில், கடலில், நோயில், வறுமையில் துணிந்து நிற்பவர்கள் எல்லோரிடமும் ஒன்றாக இருப்பது எது என்று. கேள்வி எப்படிப்பட்டது என்று விளங்குவதற்கு வேகத்தை எடுத்துக்காட்டாகவும் தருகிறார்: ஓட்டத்திலும் பேச்சிலும் படிப்பிலும் குறைந்த நேரத்தில் நிறையச் செய்வதே வேகம். இப்படி ஒரு மாதிரி விடையைக் கொடுக்காமல் "அது வரையறை இல்லை" என்று மட்டும் சொன்னால் எதிரில் இருப்பவருக்கு எரிச்சல்தான் வரும்.

இரண்டாம் முறை லாக்கேஸ், துணிவு என்பது உள்ளத்தின் உறுதி, தாக்குப்பிடிக்கும் தன்மை என்கிறார். இங்கேதான் முரண்பாடு ஒளிந்திருக்கிறது, அதனால் கொஞ்சம் மெதுவாகப் போவோம். துணிவு நல்லதா? ஓம். அறிவோடு கூடிய உறுதி நல்லது, அறிவில்லாத உறுதி கேடு, இல்லையா? ஓம். அப்படியென்றால் துணிவு என்பது அறிவோடு கூடிய உறுதிதானே? ஓம். பிறகு சோக்ரடீஸ் கிணற்றுக்குப் போகிறார். மூழ்கும் திறமை உள்ளவனும் கிணற்றில் இறங்குகிறான், அந்தத் திறமை இல்லாதவனும் இறங்குகிறான். யார் கூடுதல் துணிவுள்ளவன்? திறமை இல்லாதவன்தான் என்கிறார் லாக்கேஸ். ஆனால் அவன் செய்வது அறிவில்லாத செயல் அல்லவா? ஓம். அப்போ கேடு என்று சொன்ன அதே அறிவற்ற உறுதி இப்போது துணிவாகிவிட்டது.

நன்னூல் சொல்லும் குற்றங்களில் மாறுகொளக் கூறல் என்று ஒன்று உண்டு. எழுதிய பக்கத்தில் என்றால் அது கண்ணுக்குத் தெரியும். லாக்கேசின் ஐந்து சம்மதங்களும் அப்படிப்பட்டவை அல்ல, ஒவ்வொன்றும் தனியாகப் பார்க்க நியாயமாகவே இருக்கிறது. ஐந்தையும் ஒரே மேசையில் வைத்தால்தான் மோதுகிறது.

ஆகப் பெரிய பிழை இந்த இடத்தில் நடக்கிறது. மோதல் தெரிந்தவுடன், "ஆகவே வரையறை பொய்" என்று எழுதிவிடுவார்கள். தர்க்கம் அவ்வளவு தூரம் போவதில்லை. ஐந்தும் ஒன்றாக உண்மையாக இருக்க முடியாது என்பது மட்டுமே நிறுவப்பட்டது. எதைக் கைவிடுவது என்பது இன்னும் திறந்தே கிடக்கிறது. வரையறையைக் கைவிடலாம். திறமையில்லாமல் இறங்குபவன் துணிவுள்ளவன் அல்ல, வெறும் அவசரக்காரன் என்று நான்காவது சம்மதத்தையும் கைவிடலாம். கிரகரி விளாஸ்டோஸ் என்ற ஆய்வாளர் 1983இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு சோக்ரடீசைப் படிப்பவர்கள் ஓயாமல் வாதாடும் சிக்கல் இதுதான்: முரண்பாட்டை மட்டும் காட்டும் ஒரு முறையைக் கொண்டு, குறிப்பிட்ட ஒன்று பொய் என்று சோக்ரடீஸ் எப்படித் துணிந்து சொல்கிறார்?

மாணவர்களிடம் நான் சொல்வது, சம்மதங்களை ஒவ்வொன்றாக இலக்கமிட்டு எழுதுங்கள், முரண்பாடு வந்ததும் ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள் என்று. அப்படிப் பார்த்தால் இன்னொன்றும் பிடிபடும். கிணற்று வாதத்தில் "அறிவு" என்ற சொல் நடுவில் வழுக்குகிறது. முதலில் அறிவு என்றது எதற்காகத் தாங்குகிறோம், அது தகுமா என்று தெரிந்திருப்பதை. கிணற்றடியில் அது நீச்சல் கைவந்திருப்பதைக் குறிக்கிறது. நீந்தத் தெரியாதவன் தான் செய்வது என்ன என்று நன்றாகத் தெரிந்தே இறங்கியிருக்கலாம். அப்படியென்றால் லாக்கேஸ் உண்மையில் முரண்படவே இல்லை, ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள் கொடுத்து விட்டார், அவ்வளவுதான். முரண்பாடு கண்டவுடன் அந்தச் சொல் எல்லா வரியிலும் ஒரே பொருளில் நிற்கிறதா என்று பாருங்கள். பாதி வேளையில் நிற்காது.

சில வாரம் கழித்து மாமாவிடம் திரும்பப் போனேன், இந்த முறை பாயாமல். "கூட்டாளி கயிறை வெட்டினது ஓடினதா மாமா?" என்று கேட்டேன். "ஓடினதில்ல மனே, கொண்டு வந்தது. ஓடினா பெடியனை விட்டிட்டெல்லோ ஓடியிருப்பான்." அப்போதே அவருடைய வரையறையில் இருந்த வலை கழன்று விழுந்துவிட்டது. மறுகா கிணற்றைக் கேட்டேன். பிள்ளை விழுந்திட்டுது, நீந்தத் தெரியாதவன் குதிக்கிறான், துணிவா? "துணிவுதான்" என்றார், உடனே. கொஞ்சம் பொறுத்து, "ஆனா ரெண்டு பொணமெல்லோ எடுக்கோணும்" என்றார். நான் பேசாமல் இருந்தேன். அவரே யோசித்தார். "கயிறைக் கட்டிப்போட்டுக் குதிச்சா அது துணிவு. சும்மா குதிச்சா அதுக்கு வேற பேர்."

"சும்மா ஒரு பேச்சுக்கு ஓம் எண்டு வைச்சுக்கொள்வோம்" என்று பதில் சொல்பவர் நழுவினால் அதையும் விடக்கூடாது. சோக்ரடீஸ் தன்னோடு பேசுபவர்களிடம் கேட்பது, நீ உண்மையில் நினைப்பதைச் சொல் என்பதைத்தான். பேச்சுக்காகச் சொன்ன சம்மதங்கள் மோதினால் அந்த மோதல் யாருடையதும் அல்ல, வீட்டுக்குப் போகும்போது யாரும் அதைச் சுமந்து போகமாட்டார்கள்.

கடைசியாக ஒன்று, இதைப் பிளேட்டோவே காட்டுகிறார். லாக்கேஸ் மடங்கிய பிறகு இன்னொரு தளபதியான நிக்கியாஸ் வருகிறார். எது அஞ்சத்தக்கது, எது நம்பத்தக்கது என்ற அறிவே துணிவு என்கிறார். இப்போது குறுக்கே கேள்வி கேட்க முந்தி நிற்பவர் யார் தெரியுமா? சற்று முன் மடங்கிய லாக்கேஸ். நிக்கியாசும் மடங்கியதும் அவருக்கு ஒரே திருப்தி. நிக்கியாஸ் சலித்துக்கொண்டு, எனக்கும் தெரியாது என்று வெளிப்பட்டது மட்டும்தான் உனக்குப் பெரிதாகப் படுகிறது என்கிறார். எங்கள் வகுப்பிலும் இதே கதைதான், ஒருவரை மடக்கினால் அடுத்த நிமிடம் அவர் பக்கத்து வாங்கில் இருப்பவரைத் தேடுவார். சோக்ரடீஸ் அந்தப் போட்டிக்குள் போகவில்லை. எல்லோருக்கும் விடை தெரியவில்லை, எனக்கும்தான், ஆகவே பிள்ளைகளோடு சேர்த்து நமக்கும் ஓர் ஆசிரியரைத் தேடுவோம் என்கிறார். நாளை விடிந்ததும் வீட்டுக்கு வா என்று தகப்பன்மாரில் ஒருவர் அழைக்கிறார். கடவுள் சித்தமானால் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிறார்.