நான்கு வருடம் பின்னால் போன தேதிகள்: எக்செல்லில் திருத்தும்போது செய்யக்கூடாதவை

பழைய மேக் எக்செல்லில் உருவான கோப்பிலிருந்து ஒரு நெடுவரிசையை நகலெடுத்து, விண்டோஸ் கோப்பில் ஒட்டுகிறோம். 15-08-2023 என்று இருந்தது 14-08-2019 ஆகிவிடுகிறது. எக்செல் ஒவ்வொரு தேதியையும் ஒரு நாள் எண்ணாகத்தான் வைத்திருக்கிறது. விண்டோஸின் வழக்கமான முறையில் 1-1-1900 என்பது 1. 2008 பதிப்பு வரையிலான மேக் எக்செல்லில் 1-1-1904 என்பது 0. ஒட்டும்போது 43691 என்ற எண் மட்டும் வருகிறது. ஒட்டிய கோப்பு அதைத் தன் கணக்கில் படிக்கிறது. கோப்பை வெறுமனே திறந்தால் இந்தச் சிக்கல் வராது, ஏனென்றால் எந்த முறை என்பது அந்தக் கோப்புக்குள்ளேயே பதிந்திருக்கும்.

பலரும் முதலில் செய்வது, Options > Advanced பகுதிக்குப் போய் `Use 1904 date system` பெட்டியில் டிக் போடுவது. தயவுசெய்து வேண்டாம். ஒட்டிய தேதிகள் சரியாகும், ஆனால் அதே கோப்பில் ஏற்கெனவே சரியாக இருந்தவை எல்லாம் நான்கு வருடம் முன்னால் ஓடிவிடும்.

அடுத்தது, வருடத்தை மட்டும் பார்த்து நான்கு வருடம் கூட்டுவது. `EDATE` கொண்டு 48 மாதம் கூட்டினால் 14-08-2023 வரும். ஒரு நாள் குறைவு, ஆனால் பார்வைக்குச் சரியாகத் தெரியும். அதனால்தான் இது ஆபத்து. சரியான இடைவெளி 1462 நாள், அதாவது நான்கு வருடமும் ஒரு நாளும். கிழமை தெரிந்த ஒரு தேதியை எடுத்துச் சோதியுங்கள்: 15-08-2023 செவ்வாய். திங்கள் என்று வந்தால் ஒரு நாள் விடுபட்டிருக்கிறது.

1462-ஐ Paste Special > Add மூலம் கூட்டுவதிலும் ஒரு பள்ளம் உண்டு. காலிக் கட்டங்களிலும் அது கூட்டிவிடும், அங்கெல்லாம் 01-01-1904 முளைக்கும். `Skip blanks` இதைத் தடுக்காது. அது நகலெடுக்கும் பக்கத்தின் காலிகளைத்தான் தவிர்க்கும். அதனால் நான் பக்கத்தில் ஒரு தற்காலிக நெடுவரிசை போட்டுத்தான் செய்வேன்:

```
=IF(ISNUMBER(A2),A2+1462,A2&"")
```

காலி காலியாகவே தெரியும். எழுத்தாக ஒட்டிய தேதிகள் மாறாமல் நிற்கும். அவை எண்ணாக இல்லாததால் நகரவும் இல்லை. முடிவைச் சரிபார்த்தபின் Paste Special > Values மூலம் பழைய இடத்தில் ஒட்டுங்கள். திசை தலைகீழாக, 1900-லிருந்து 1904-க்குப் போயிருந்தால் தேதிகள் முன்னால் ஓடியிருக்கும். அப்போது 1462-ஐக் கழிக்க வேண்டும்.

ஒட்டியபின் யாராவது அதே நெடுவரிசையில் புதுத் தேதிகளைத் தட்டச்சு செய்திருந்தால், அவை ஏற்கெனவே சரியானவை. அவற்றுக்கும் கூட்டினால் 2027-க்குப் போய்விடும். எந்த வரிசை வரை ஒட்டியது என்று மூலக் கோப்போடு ஒப்பிட்டு, அதுவரை மட்டும் சூத்திரத்தை இழுங்கள்.

உங்கள் கோப்பு எந்த முறையில் இருக்கிறது என்று தெரியாவிட்டால், காலிக் கட்டத்தில் `=DATE(2023,8,15)` எழுதி வடிவத்தை General ஆக்குங்கள். 45153 என்றால் 1900 முறை, 43691 என்றால் 1904.