இருபது பெட் தொடர்ந்து தோற்றால் கைமுதல் என்னாகும்? நிலைத்தொகையா, வீதமா?

கொழும்பில் புக்கிக்குப் போகிறவர்கள் நிறையப் பேர் கட்டுவது இங்கிலாந்துக் குதிரைகள் மேல். அவர்களுடைய கோடையில் அங்கே பகல் 2 மணிக்கு ஓடும் ரேஸ், நமக்கு மாலை 6.30. வேலை விட்டு வரும் நேரம். ஒன்று முடிய அடுத்தது தொடங்கிவிடும். அதனால் தொடர்ந்து இருபது தோல்வி வருவதற்கு மாதக்கணக்கு வேண்டாம், ஒரு வாரமே போதும். அப்படியொரு வாரத்தில் ஒவ்வொரு பெட்டுக்கும் எவ்வளவு கட்டுவது என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம். எந்தக் குதிரை என்பது வேறு கதை.

படி 1: கைமுதலைப் பிரித்து வையுங்கள்

கைமுதல் என்றால் முழுவதும் போனாலும் வீட்டில் ஒன்றும் நிற்காத காசு. வாடகை, கரன்ட் பில், சீட்டுக்காசு, பிள்ளையின் டியூஷன் காசு எதுவும் இதற்குள் வராது. அப்படி ஒரு தொகை மிஞ்சவில்லை என்றால் இதற்கு மேல் வாசிக்கத் தேவையில்லை, பெட் கட்டவும் தேவையில்லை. கணக்குக்காக 50,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

படி 2: எவ்வளவு நீளமான தோல்வி வரும் என்று முதலே பாருங்கள்

நீங்கள் வழக்கமாக 3/1 விலையில் உள்ள குதிரைகளைத்தான் எடுக்கிறீர்கள் என்று வைப்போம். 1,000 கட்டி வென்றால் 3,000 இலாபம். அந்த விலை நியாயமானது என்றால் நாலில் ஒன்று வெல்லும். நாலில் ஒன்று என்றதும், மூன்று தோற்றால் நாலாவது வந்துவிடும் என்று மனசு கணக்குப் போடும். அது அப்படி வராது. இப்படி 200 பெட் கட்டினால், இடையில் எங்காவது 15 பெட் வரிசையாகத் தோற்பது சாதாரணம். 20 வரிசையாகப் போவதும் ஏறத்தாழ ஏழு பேரில் ஒருவருக்கு நடக்கும். அவர் முட்டாள் என்று அர்த்தமில்லை. நாலில் ஒன்று என்றால் நடைமுறையில் அதுதான்.

தோற்கத் தோற்க இரட்டிப்பாக்குகிறவர்களுக்கு ஒரு வரி: 1,000, 2,000, 4,000 என்று போனால் ஐந்து தோல்வியில் 31,000 போய்விடும். ஆறாவதுக்கு 32,000 வேண்டும், கையில் 19,000தான் இருக்கும்.

படி 3: இரண்டு முறையையும் பக்கத்தில் வையுங்கள்

நிலைத்தொகை முறையில், தொடக்கக் கைமுதலின் 2 வீதம், அதாவது 1,000 ரூபாய், ஒவ்வொரு தடவையும் மாறாமல் போகும். வீத முறையில், அந்த நேரம் கையில் இருப்பதன் 2 வீதம் போகும். முதல் பெட் 1,000, தோற்றால் அடுத்தது 980, பிறகு 960 என்று இறங்கும்.

| தொடர் தோல்வி | நிலைத்தொகையில் மிச்சம் | வீதத்தில் மிச்சம் |
|---|---|---|
| 10 | 40,000 | 40,854 |
| 20 | 30,000 | 33,380 |
| 30 | 20,000 | 27,274 |
| 50 | 0 | 18,208 |

முதல் பத்தில் பெரிய வித்தியாசமே இல்லை. இருபதில்தான் பிரிவு தெரிகிறது. காரணம், நிலைத்தொகை என்று சொன்னாலும் அது உண்மையில் நிலையாக இருப்பதில்லை. கையில் 30,000 இருக்கும்போது 1,000 என்பது 3.3 வீதம், 20,000 ஆகும்போது 5 வீதம். நீங்கள் எதையும் கூட்டாமலே ஆபத்து கூடிக்கொண்டு போகிறது.

படி 4: மீண்டு வருவதையும் கணக்குப் பாருங்கள்

வீத முறையைப் புகழ்கிறவர்கள் இந்த இடத்தைச் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். இருபது தோல்விக்குப் பிறகு நிலைமை மாறி, அடுத்த இருபது பெட்டில் பத்து வென்றது என்போம். மொத்தம் 40 பெட், 10 வெற்றி. அதாவது நாலில் ஒன்று சரியாக வந்துவிட்டது.

நிலைத்தொகைக்காரர் 30,000இல் இருந்து 30,000 வென்று 10,000 தோற்று, சரியாக 50,000இல் வந்து நிற்பார். வீதக்காரர் கையில் 48,844. இறங்கும்போது சின்னதாகக் கட்டியது காப்பாற்றியது, ஏறும்போதும் சின்னதாகவே கட்டியது பின்னுக்கு இழுத்தது. இன்னொரு விசித்திரம்: வீத முறையில் வெற்றி தோல்வி எந்த ஒழுங்கில் வந்தாலும் இதே 48,844தான். முதலிலேயே பத்தும் வென்றிருந்தாலும் மாறாது.

அப்படியானால் நிலைத்தொகையே நல்லதா? 2 வீதத்தில், ஆம், கொஞ்சம் நல்லது. ஆனால் அதே கணக்கை 5 வீதத்தில் போட்டுப் பாருங்கள். நிலைத்தொகை 2,500, இருபதாவது தோல்வியோடு கைமுதல் பூச்சியம். பிறகு வரப்போகும் அந்தப் பத்து வெற்றியை அவர் டீவியில்தான் பார்க்கலாம். வீதக்காரர் 17,924க்கு இறங்கினாலும் ஆட்டத்தில் இருக்கிறார், கடைசியில் 43,417. நிலைத்தொகைக்கு 2 வீதமே மேல் எல்லை என்று நான் சொல்வது இதனால்தான். புதியவர் 1 வீதத்தில், 500 ரூபாயில், தொடங்கினால் இன்னும் நல்லது.

படி 5: நடைமுறைக்கு ஒரு நடுவழி

ஒவ்வொரு ரேஸுக்கும் முன்னால் நின்று வீதம் பார்த்துத் துண்டு எழுத முடியாது; 941 ரூபாய் என்று யாரும் எழுதுவதும் இல்லை. நாளுக்கு ஒரு தடவை, வீட்டிலிருந்து கிளம்பும் முன் கணக்குப் பாருங்கள். அன்று முழுக்க அதே தொகை. ஷீட்டில் வைப்பவர்களுக்கு, மிச்சம் B2இல் இருந்தால்:

```
=FLOOR(B2*0.02,50)
```

33,380க்கு இது 650 என்று காட்டும். எப்போதும் கீழே இறக்கித்தான் முழுமையாக்க வேண்டும். 667ஐ 700 ஆக்குவதும், 588ஐ 600 ஆக்குவதும் பழகிவிட்டால், பெயர்தான் வீத முறை, காசு போவது நிலைத்தொகை மாதிரி. கொப்பியில் எழுதியதும் துண்டில் உள்ளதும் ஒன்றா என்று வாரம் ஒரு தடவை பார்த்தாலே இது பிடிபடும்.

இதுவும் தொல்லை என்றால், நிலைத்தொகையிலேயே இருந்து, கைமுதல் கால்வாசி குறையும்போது மட்டும் மறுகணக்குப் போடுங்கள். 37,500க்கு வந்ததும் 1,000 என்பது 750 ஆகும். நான் புதியவர்களுக்குச் சொல்வது இதைத்தான், ஏனென்றால் இதை மறக்காமல் செய்ய முடியும்.

படி 6: நிறுத்தும் கோடு

வீத முறைக்கு ஒரு கெட்ட குணம் உண்டு: அது பூச்சியத்தைத் தொடுவதில்லை. நிலைத்தொகையில் காசு முடிந்தால் ஆட்டமும் முடிந்தது. இதிலோ 300, 200 என்று இழுத்துக்கொண்டே போகலாம், தோற்றுக்கொண்டிருக்கிறோம் என்பதே உறைக்காது. அதனால் 25,000இல் ஒரு கோடு போடுங்கள். அங்கே போக நிலைத்தொகையில் 25 தொடர் தோல்வி வேண்டும், வீதத்தில் 35.

கோட்டைத் தொட்டதும் பெட்டை நிறுத்திவிட்டு, கொப்பியில் கடைசி 100 பெட்டை எண்ணுங்கள். 3/1 விலைக்கு 25 வெற்றி வந்திருக்க வேண்டும். 20, 21 என்றால் வெறும் துரதிர்ஷ்டமாகவும் இருக்கலாம். 15க்குக் கீழே என்றால் பிழை கட்டும் தொகையில் இல்லை, குதிரையைத் தெரிவு செய்வதில். அந்த நிலையில் எந்த முறையும் உதவாது. உண்மையில் 22 வீதம்தான் வெல்கிறது என்று வைத்து 200 பெட் ஓட்டிப் பார்த்தால், நிலைத்தொகையில் 26,000 மிஞ்சும், வீதத்தில் ஏறக்குறைய 27,800. மிச்சம் 22,000க்கு மேல் எப்படியும் புக்கியின் மேசையில்தான்.