இரண்டு ஸ்லைடுகளுக்கு இடையில் தொலையும் ஆக்சிஜன்

சுவாச உடலியங்கியல் வகுப்புக்காகத் தாம் தயாரித்த ஸ்லைடுகளைப் பார்த்துத் தரும்படி இளைய ஆசிரியர் ஒருவர் அண்மையில் என்னிடம் கேட்டார். எழுத்துப்பிழைகளையும் அளவு குறிக்காத அச்சுகளையும் அவரே திருத்திக்கொள்வார் என்பதால், அவற்றை நான் பொருட்படுத்தவில்லை. ஆனால் ஓர் இடத்தில், பல ஆண்டுகளுக்கு முன்பு நானே செய்த பிழை அப்படியே இருந்தது.

அழுத்தங்களைச் சராசரி எடுப்பது

நுரையீரலின் இரண்டு பகுதிகளுக்குச் சம அளவு இரத்தம் செல்வதாக வைத்துக்கொள்வோம். ஒன்றில் காற்றோட்டம் குறைவு. அதிலிருந்து வெளியேறும் இரத்தத்தில் ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் 40 மி.மீ. பாதரசம். மற்றொன்றில் காற்றோட்டம் மிகுதி. அங்கே அது 120. இரண்டும் கலந்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு, ஸ்லைடில் 80 என்று எழுதியிருந்தது. அந்த அழுத்தத்தில் சாச்சுரேஷன், அதாவது ஹீமோகுளோபினில் ஆக்சிஜன் பிணைந்திருக்கும் பங்கு, ஏறத்தாழ 95 சதவீதம் என்பதால், நல்ல பகுதி கெட்ட பகுதியை ஈடுசெய்துவிட்டதாக அடுத்த வரி முடிவுகட்டியது.

நான் இதையே இரண்டு ஆண்டுகள் கற்பித்தேன். மூச்சு வாங்க வாங்கச் சுவாசிக்கும் நோயாளிக்கு ஏன் ஆக்சிஜன் மட்டும் ஏறுவதில்லை, கார்பன் டை ஆக்சைடு இயல்பாகவே இருக்கிறதே என்று ஒரு மாணவி கேட்டபோது, "ஈடு போதவில்லை" என்று மழுப்பினேன். அந்த ஆண்டு விடைத்தாள்களில் பலர் அந்த மழுப்பலையே எழுதியிருந்தார்கள். இன்று நினைத்தாலும் எரிச்சல் வருகிறது.

கலக்கும்போது சேர்வது இரத்தம் சுமக்கும் ஆக்சிஜனின் அளவு. அழுத்தம் அதன் விளைவாகவே அமைகிறது. அழுத்தம் 40 இருக்கும் இரத்தத்தில் சாச்சுரேஷன் ஏறத்தாழ 75 சதவீதம். 120 இருக்கும் இரத்தத்தில் 98. சம இரத்தவோட்டம் என்பதால் இவற்றின் நடுமதிப்பு 86.5 சதவீதம். அழுத்தத்துக்கு ஏற்பச் சாச்சுரேஷன் மாறுவதைக் காட்டும் பிரிகை வளைகோட்டில் இந்தச் சாச்சுரேஷனுக்குரிய அழுத்தம் 53 மி.மீ. அளவில்தான் இருக்கிறது. எண்பதுக்கும் ஐம்பத்து மூன்றுக்கும் உள்ள இடைவெளிதான் அந்த மாணவிக்கு நான் தந்திருக்க வேண்டிய விடை.

இதைப் படமாகக் காட்ட எளிய வழி ஒன்று உண்டு. பிரிகை வளைகோட்டின் மேல் 40-ஐயும் 120-ஐயும் குறித்து அவற்றை நேர்கோட்டால் இணைத்தால், அக்கோட்டின் நடுப்புள்ளி வளைகோட்டுக்குக் கீழே விழும். அங்கிருந்து கிடையாக இடப்பக்கம் நகர்ந்து வளைகோட்டைத் தொடும் இடமே கலந்த இரத்தத்தின் அழுத்தம். இரத்தவோட்டம் சமமாக இல்லையென்றால், புள்ளி அதிக இரத்தம் பெறும் பகுதியின் பக்கம் சாயும். இரத்தத்தில் கரைந்துள்ள ஆக்சிஜனை இந்தப் படம் கணக்கில் எடுப்பதில்லை. இந்த அழுத்தங்களில் அது மிகச் சிறியது என்பதால் பாதகமில்லை, ஆனால் தூய ஆக்சிஜன் கொடுக்கும் நிலையை விளக்க இதே படத்தைப் பயன்படுத்தக் கூடாது.

நல்ல பகுதி இன்னும் கூடுதலாகச் சுவாசித்து 120-ஐ 130 ஆக்கினாலும், வளைகோடு அங்கே தட்டையாக இருப்பதால் சாச்சுரேஷன் அரைச் சதவீதம்கூட ஏறுவதில்லை. கார்பன் டை ஆக்சைடுக்கோ, இயல்பான எல்லைக்குள் அழுத்தத்துக்கும் இரத்தத்தில் உள்ள அளவுக்குமான தொடர்பு கிட்டத்தட்ட நேர்கோடு. எனவே ஒரு பகுதி தேக்கியதை மற்றொரு பகுதி வெளியேற்றிவிட முடிகிறது. பிரிகை வளைகோட்டை ஒரு ஸ்லைடிலும் காற்றோட்ட-இரத்தவோட்டப் பொருத்தத்தை வேறொரு ஸ்லைடிலும் வைத்துவிட்டு, இரண்டுக்கும் தொடர்பே இல்லாதது போல் கடந்துபோவதால்தான் இந்தப் பிழை பிழைத்திருக்கிறது.

வலப்பக்க நகர்வை இழப்பாகக் காட்டுவது

உடல் வெப்பமோ அமிலத்தன்மையோ கூடி வளைகோடு வலப்பக்கம் நகர்ந்தால், "ஆக்சிஜன் குறைவாகப் பிணைகிறது" என்று மட்டும் எழுதிவிடுகிறார்கள். பாதி சாச்சுரேஷனுக்குரிய அழுத்தம் 27-லிருந்து 31 ஆனால், திசுக்களின் பக்கம், அதாவது 40 மி.மீ. அழுத்தத்தில், சாச்சுரேஷன் 75-லிருந்து ஏறத்தாழ 67-க்கு இறங்குகிறது. நுரையீரலின் பக்கம், 100 மி.மீ. அழுத்தத்தில், இழப்பு ஒரு சதவீதத்தைச் சற்றே தாண்டும். ஆகவே, திசுக்களுக்கு விடுவிக்கப்படும் ஆக்சிஜன் கூடுகிறது. நுரையீரலில் அழுத்தமே 50 அளவுக்கு விழுந்துவிட்ட நோயாளிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே வலப்பக்க நகர்வு ஏற்றுவதையும் பெரிதாகக் குறைக்கிறது.

நுரையீரலின் உச்சியில் காற்றோட்டம் அதிகம் என்று எழுதுவது

நிமிர்ந்து நிற்கையில் இரத்தவோட்டத்தோடு ஒப்பிட்ட காற்றோட்டத்தின் விகிதம் மட்டுமே அங்கே அதிகம். காற்றோட்டமும் இரத்தவோட்டமும் அடிப்பகுதியில்தான் கூடுதல்.

இரத்தசோகையைச் சாச்சுரேஷன் அச்சில் வரைவது

சாச்சுரேஷன் இருக்கும் ஹீமோகுளோபினின் சதவீதம் மட்டுமே என்பதால், ஹீமோகுளோபின் குறைந்திருப்பது அங்கே தெரியாது. நிமிர்ந்த அச்சில் ஆக்சிஜன் அளவைப் போடுங்கள்.