பாஸ்புக்கில் தெரியாத சந்தாப் பிடித்தம்: ஆப்பைத் தேடும்போது செய்யும் தவறுகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸும் இணைய வேலைகளும் செய்து தரும் சிறிய கடை வைத்திருக்கிறேன். பாஸ்புக்கை நீட்டி, "தம்பி, மாசா மாசம் இந்தப் பணம் எங்க போகுதுன்னே தெரியல" என்று கேட்பவர்கள் இப்போது அதிகம். அவர்கள் கடைக்கு வருவதற்குள் செய்து முடித்திருக்கும் காரியங்களைக் கேட்கும்போதெல்லாம், சில வருடங்களுக்கு முன்பு நான் செய்தவை அப்படியே நினைவுக்கு வரும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஆப்பை அழித்துவிட்டு நிம்மதியாக இருப்பது

ஆப் போகும். சந்தா போகாது.

பாஸ்புக்கில் ஆப்பின் பெயரைத் தேடுவது

பாஸ்புக் வரியில் UPI/DR என்று ஆரம்பித்து ஒரு 12 இலக்க எண் இருக்கும். அதற்குப் பிறகு வரும் பெயரைப் பல வங்கிகள் சில எழுத்துகளோடு வெட்டிவிடும். முழுப் பெயர் வேண்டுமென்றால் யுபிஐ ஆப்பின் பரிவர்த்தனைப் பட்டியலில் அதே தேதியைத் திறந்து பாருங்கள். அங்கேயும் பெரும்பாலும் ஆப்பின் பெயர் இருக்காது, பணத்தை வாங்கிக் கொடுக்கும் இடத்தின் பெயர்தான் இருக்கும். கூகுள் ப்ளே வழியாகப் போட்ட சந்தா என்றால் கூகுள் என்று மட்டும் நிற்கும். அதற்குப் பின்னால் இருப்பது பாட்டு ஆப்பா, விளையாட்டா, ஆங்கிலம் கற்றுத் தரும் ஆப்பா என்பது வங்கிக்கே தெரியாது. அதனால் கிளையில் போய் எவ்வளவு நேரம் நின்றாலும் பதில் கிடைக்காது.

ஒரே ஒரு கூகுள் கணக்கைப் பார்த்துவிட்டு முடிவுக்கு வருவது

இதைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். எனக்கு 2,691 ரூபாய் போனது இந்தத் தவறால்தான். இன்றும் நினைத்தால் ஆத்திரம் வருகிறது.

மாதம் 299 ரூபாய் கூகுள் பெயரில் போய்க்கொண்டிருந்தது. ப்ளே ஸ்டோரைத் திறந்து சந்தாப் பட்டியலைப் பார்த்தேன், காலியாக இருந்தது. "நான் எதுவும் போடவில்லை, யாரோ திருடுகிறார்கள்" என்று முடிவு செய்துவிட்டேன். டெபிட் கார்டை முடக்கிப் புதுக் கார்டு வாங்கினேன். அடுத்த மாதமும் 299 போனது. யுபிஐ ஆட்டோபே கார்டில் ஓடுவதில்லை. நாம் ஒருமுறை பின் போட்டுக் கொடுத்த ஒப்புதலை வைத்து வங்கிக் கணக்கிலிருந்து நேராக எடுக்கிறது. கார்டை மாற்றினால் அதற்கு ஒன்றும் ஆகாது. இது புரியாமலே ஒன்பது மாதம் ஓடிவிட்டது.

கடைசியில் அது கிடைத்தது வீட்டில் இருந்த பழைய போனில். அந்தப் போனை வாங்கியபோது கடைக்காரரே ஒரு ஜிமெயில் கணக்கு தொடங்கிக் கொடுத்திருந்தார். அந்த முகவரி எனக்கு மறந்தே போய்விட்டது. அண்ணன் மகள் அந்தப் போனில் பாடம் படிக்க ஒரு ஆப்பைப் போட்டிருக்கிறாள். சந்தா இருந்தது அந்தக் கணக்கில்.

சந்தா ஒட்டிக்கொண்டிருப்பது போனில் இல்லை, கூகுள் கணக்கில். ஒரு கணக்கின் பட்டியலில் இன்னொரு கணக்கின் சந்தா தெரியாது. ஆகவே ப்ளே ஸ்டோரில் மேலே வலது மூலையில் இருக்கும் படத்தைத் தொட்டு, போனில் உள்ள ஒவ்வொரு கணக்காக மாற்றி, ஒவ்வொன்றிலும் Payments & subscriptions பகுதியைத் திறக்க வேண்டும். உள்ளே Subscriptions-ஐ மட்டும் பார்த்தால் போதாது. Budget & history-யில் தேதியும் தொகையும் பாஸ்புக்கோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அங்கே ஆப்பின் பெயர் தெளிவாக இருக்கும். பிறகு வீட்டில் இருக்கும் பழைய போன், டேப், டிவி எல்லாவற்றிலும் என்னென்ன கணக்குகள் உள்ளே இருக்கின்றன என்று எழுதி வைத்துக்கொண்டு இதையே செய்யுங்கள். ஒவ்வொரு ஜிமெயிலிலும் GPA என்று தேடிப் பார்ப்பதும் நல்ல வழி. கூகுள் ப்ளே ரசீது எண்கள் அந்த எழுத்துகளில்தான் ஆரம்பிக்கும்.

முதல் பிடித்தம் வந்த தேதியை வைத்து யோசிப்பது

போன ஆகஸ்டில் கடலூர் முதுநகரிலிருந்து ஒரு அம்மா வந்தார். மே மாதத்திலிருந்து ஒவ்வொரு 11-ஆம் தேதியும் 149 ரூபாய், நான்கு முறை போயிருந்தது. அவர் போனில் இருந்தது ஒரே கணக்கு, அதில் ஒன்றும் இல்லை. "மே 11 அன்னைக்கு நான் போனையே தொடலப்பா, கல்யாணத்துக்குப் போயிருந்தேன்" என்றார். உண்மைதான்.

அவருடைய யுபிஐ ஆப்பில் Autopay பகுதியைத் திறந்தேன். கூகுள் ப்ளே பெயரில் ஒரு ஒப்புதல் இருந்தது. அது தொடங்கிய தேதி மே 4. ஏழு நாள் இலவசம் என்று கொடுத்துவிட்டு எட்டாம் நாள் பணம் எடுக்கும் வகை இது. எனவே கேட்க வேண்டிய கேள்வி 11-ஆம் தேதியைப் பற்றியது இல்லை, 4-ஆம் தேதியைப் பற்றியது. கேட்டதும் அவருக்குச் சட்டென்று நினைவு வந்தது. அன்று லீவுக்குப் புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து பேரன் வந்திருந்தான். அவன் தன் டேப்பில் ஆயாவின் யுபிஐ முகவரியைக் கொடுத்திருக்கிறான். ஒப்புதல் கேட்டு ஆயாவின் போனுக்கு வந்திருக்கிறது. "ஆயா, பின் நம்பர் போடு" என்றதும் இவரும் போட்டுவிட்டார். மகனுக்குப் போன் போட்டு டேப்பில் இருந்த கணக்கைப் பார்க்கச் சொன்னேன். படம் வரையும் ஆப் ஒன்று, 149 ரூபாய், தேதி 11. எல்லாம் பொருந்தியது.

போனில் இரண்டு மூன்று யுபிஐ ஆப்கள் இருந்தால் ஒப்புதல் எதில் உருவானது என்று ஒவ்வொன்றிலும் தேட வேண்டியிருக்கலாம். அந்த ஒப்புதலுக்கு உரிய மேண்டேட் எண் எங்காவது கிடைத்தால் வேலை சுலபம். நீளமான அந்த எண்ணின் கடைசியில் @ybl என்று இருந்தால் போன்பே, @okaxis, @oksbi போல ok-வில் தொடங்கினால் கூகுள் பே.

கண்டுபிடித்ததும் ஆட்டோபேயை மட்டும் நிறுத்துவது

முதலில் சந்தா இருக்கும் கூகுள் கணக்கில் அதை ரத்து செய்யுங்கள். அதன் பிறகு யுபிஐ ஆப்பில் ஒப்புதலை ரத்து செய்யுங்கள். ஆட்டோபேயை மட்டும் நிறுத்தினால் சந்தா உயிரோடு இருக்கும், பணம் வரவில்லை என்று வேறு வழியில் கட்டச் சொல்லிக் கேட்கும். டேப் வைத்திருக்கும் பிள்ளை மறுபடியும் யாரிடமாவது பின் போடச் சொல்லும். இரண்டையும் செய்வதற்கு முன்னால் திரையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு பணம் கேட்க அது தேவைப்படும். வாங்கி 48 மணி நேரத்துக்குள் என்றால் கூகுளிடமே திருப்பிக் கேட்கலாம். அதைத் தாண்டினால் பெரும்பாலும் ஆப்பை உருவாக்கியவரிடம்தான் எழுத வேண்டும். முதுநகர் அம்மாவுக்குப் பழைய 596 ரூபாய் கிடைக்கவில்லை. செப்டம்பர் 11 தாண்டி பாஸ்புக் என்ட்ரி போட்டுக்கொண்டு வந்து காட்டினார், பிடித்தம் இல்லை.

முந்தின நாள் வரும் எஸ்எம்எஸ்ஸைப் படிக்காமல் விடுவது

பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. 15,000 ரூபாய் வரை பொதுவாக மறுபடி பின் கேட்காது என்பதால், எச்சரிக்கை என்று வருவது அந்த ஒரு செய்திதான்.

இணையத்தில் கிடைக்கும் "கஸ்டமர் கேர்" எண்ணுக்குப் போன் செய்வது

வேண்டாம். செய்து பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

எல்லாவற்றையும் ஆப்பின் தலையில் போடுவது

ஆண்டுக்கு ஒருமுறை, மே கடைசி வாக்கில் 436 ரூபாயோ 20 ரூபாயோ போயிருந்தால் அது பிரதமர் ஆயுள், விபத்துக் காப்பீட்டுப் பிரீமியம். 236 போன்ற தொகை வந்தால் 1.18-ஆல் வகுத்துப் பாருங்கள். சரியாக 200 வந்தால், அது ஜிஎஸ்டி சேர்ந்த கார்டு ஆண்டுக் கட்டணமாக இருக்க வாய்ப்பு அதிகம். இதை மட்டும் வங்கியில் கேட்டால் பதில் கிடைக்கும்.