பிளேபேக் வைத்துப் பாட்டு ஷூட்: இடம் மாறினாலும் உதடு தப்பாமல் இருக்க

நான் எடுத்த முதல் பாட்டுக்கு மூன்று இடம், பதினொரு செட்டப். எடிட்டில் உட்கார்ந்தபோது க்ளோசப் எல்லாம் கச்சிதமாக இருந்தது. தூரத்திலிருந்து நீள லென்ஸில் எடுத்த ஷாட்டுகளில் மட்டும் உதடு பாட்டுக்குப் பின்னால் ஓடியது. நடித்த பையன் சரியாகப் பயிற்சி எடுக்கவில்லை என்று அவன்மேல் பழி போட்டேன். தப்பு என் ஸ்பீக்கரில் இருந்தது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

கேமராவில் மேனுவல் எக்ஸ்போஷர், எடிட்டிங்கில் டிராக் அடுக்குவது இதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. ஒரே ஒரு பாட்டு ஃபைல்

பல்லவிக்கு ஒரு துண்டு, சரணத்துக்கு ஒரு துண்டு என்று வெட்டி போனில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். முழுப் பாட்டும் ஒரே ஃபைலாக, 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் வடிவில் இருக்கட்டும். நான் ரீப்பர் என்ற ஒலி எடிட்டிங் மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். வேறு எதிலும் செய்யலாம், ஆனால் ஸ்பாட்டில் இதன் வேகம் எனக்குப் பிடிக்கும். ஒவ்வொரு பகுதிக்கும் இரண்டு வரி முன்னால் ஒரு மார்க்கர் போட்டால், 1 முதல் 9 வரையுள்ள எண் விசைகளிலேயே அந்தந்த இடத்துக்குத் தாவலாம். நடிப்பவருக்கு அந்த இரண்டு வரி ரொம்ப முக்கியம். மூச்செடுத்துத் தாளத்துக்குள் வர அவகாசம் வேண்டும். வரியின் முதல் எழுத்திலேயே பிளே அழுத்தினால் முதல் சொல் நிச்சயம் பிந்தும்.

ஃபைல் பெயரில் பதிப்பு எண்ணையும் போடுங்கள். ஒருமுறை பாதி ஷூட் முடிந்தபின் புது மிக்ஸ் வந்தது. முன்னிசையில் இரண்டு பார் கூடியிருந்தது. 96 டெம்போ, நாலு அடித் தாளம் என்பதால் எட்டு அடி, அதாவது சரியாக 5 வினாடி. டெம்போ மாறாததால் பிழைத்தேன்: பழைய பதிப்பிலேயே மீதியையும் எடுத்துவிட்டு, எடிட்டில் எல்லாவற்றையும் 5 வினாடி தள்ளினேன். டெம்போவே மாறியிருந்தால் எடுத்ததெல்லாம் வீண்.

2. கடிகாரத்தைக் கேமராவுக்குக் காட்டுங்கள்

டைம்கோட் கிளாப் போர்டு வாடகைக்கு எடுக்க வசதி இருந்தால் சந்தோஷம். இல்லையென்றால் ரீப்பரில் `View > Big Clock` திறந்து, நேரத்தை மணி:நிமிடம்:வினாடி:பிரேம் வடிவுக்கு மாற்றுங்கள். ப்ராஜெக்ட் செட்டிங்கில் பிரேம் வேகம் எடிட் டைம்லைனோடு ஒத்திருக்க வேண்டும். ஒவ்வொரு டேக்கிலும் பாட்டு ஓடத் தொடங்கியதும் அந்தத் திரையை ஒரு வினாடி லென்ஸுக்கு முன்னால் பிடித்துவிட்டு விலக்குங்கள். பாட்டில் எந்த இடம் என்பது படத்திலேயே பதிந்துவிடும். திரை புதுப்பிக்கும் வேகத்தால் ஒரு பிரேம் முன்பின் இருக்கலாம். அதைக் கடைசியில் சரிசெய்யலாம்.

3. ஸ்பீக்கர் எங்கே இருக்கிறது

நான் சறுக்கிய இடம் இதுதான்.

ஒலி வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. 24 பிரேமில் ஒரு பிரேம் என்பது ஏறக்குறைய 42 மில்லிசெகண்ட். அந்த நேரத்தில் ஒலி கடப்பது சுமார் 14 மீட்டர்தான். நான் ஸ்பீக்கரைக் கேமரா பக்கத்தில் வைத்திருந்தேன், பையன் முப்பது மீட்டர் தள்ளி நின்றான். பாட்டு அவன் காதுக்குப் போகவே இரண்டு பிரேம் ஆகிவிட்டது. பாவம், அவன் கேட்டதற்குச் சரியாகத்தான் பாடினான். கேமரா மைக்கோ தாமதமில்லாமல் பதிவு செய்தது. அந்த ஸ்கிராட்ச் ஆடியோவை வைத்து நான் பொருத்தினேன். உதடு இரண்டு பிரேம் பிந்தியது.

ஸ்பீக்கரைத் தூக்கி அவன் காலடியில், ஃப்ரேமுக்கு வெளியே வைத்தால் போதும் என்று நினைப்பீர்கள். பாதிதான் சரி. இப்போது உதடு சரியாக இருக்கும், ஆனால் தூரத்துக் கேமராவின் மைக் அந்தச் சத்தத்தைத் தாமதமாகக் கேட்கும். ஸ்கிராட்சை வைத்துப் பொருத்தினால் இம்முறை உதடு இரண்டு பிரேம் முந்தும்! அதனால்தான் கடிகாரம் காட்டச் சொன்னேன். திரையிலிருந்து வரும் ஒளிக்கு இந்தத் தாமதம் கிடையாது. ஆக, நடிப்பவருக்குப் பக்கத்தில் ஸ்பீக்கர், பொருத்துவதற்குக் கடிகாரம்.

ப்ளூடூத் ஸ்பீக்கர் வேண்டவே வேண்டாம். தாமதம் பல பிரேம் வரை போகும், அதுவும் கருவிக்குக் கருவி மாறும். நீளமான ஒயர் வாங்கிக்கொள்ளுங்கள்.

4. வாயசைக்காதே, பாடு

சத்தமில்லாமல் வாயசைத்தால் கழுத்தும் தாடையும் இயல்பாக அசையாது, மூச்சு எடுப்பதும் தெரியாது. பாடத் தெரியாதவர்கூடக் கத்திப் பாடட்டும். அந்தக் குரல் படத்தில் வரப்போவதில்லை.

5. ஸ்லோ மோஷன்

கணக்கு எளிது: எடுக்கும் வேகத்தை டைம்லைன் வேகத்தால் வகுங்கள். 48 பிரேமில் எடுத்து 24-இல் ஓட்டுவதென்றால் பாட்டை 2.0 வேகத்தில் போட வேண்டும். 36 என்றால் 1.5, 30 என்றால் 1.25. ரீப்பரில் Rate பெட்டியில் எண்ணை மாற்றினால் கடிகாரமும் அதே விகிதத்தில் ஓடும். எனவே எடிட்டில் வேகத்தைக் குறைத்ததும் திரையில் தெரியும் நேரம் பாட்டோடு இயல்பாகச் சேர்ந்துகொள்ளும். இந்த முறையில் பல கேமராக்கள் ஒலியே பதியாது என்பதால் கடிகாரம் இல்லாவிட்டால் கைவிரிக்க வேண்டியதுதான். இரட்டை வேகத்தில் சொற்களை விழுங்குவது சகஜம். வார்த்தை அதிகமுள்ள வரிகளுக்கு நான் 1.25-ஐத் தாண்டுவதில்லை.

6. எடிட்டில் பொருத்துவது

பாட்டை ஒரு டிராக்கில் பூட்டிவிட்டு, ஒவ்வொரு டேக்கையும் கடிகாரம் காட்டும் இடத்தில் மேலே அடுக்குங்கள். பிறகு நுணுக்கமாகச் சரிபார்க்க 'அப்பா' மாதிரி 'ப்ப' வரும் ஒரு சொல்லைத் தேடுங்கள். ஒலி அலையில் அங்கே ஒரு சின்ன மௌனம், உடனே ஒரு வெடிப்பு தெரியும். உதடு பிரியும் பிரேமும் அந்த வெடிப்பும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். 'அ', 'ஆ' போன்ற உயிரெழுத்துகளை வைத்துப் பார்த்தால் மூன்று பிரேம் தப்பினாலும் கண்ணுக்குத் தெரியாது.

டேக்கின் தொடக்கத்தில் ஒரு 'ப்ப', கடைசியில் ஒன்று பாருங்கள். இரண்டிலும் ஒரே அளவு தப்பினால் தள்ளிவைத்தால் சரியாகிவிடும். போகப்போகத் தப்பு கூடினால் வேகமே பொருந்தவில்லை. வழக்கமான காரணம், கேமரா 23.976, டைம்லைன் 24. வித்தியாசம் 0.1 சதவீதம்தான். முப்பது வினாடி ஷாட்டில் ஒரு பிரேம்கூட ஆகாது. நாலு நிமிட டேக்கில் கிட்டத்தட்ட ஆறு பிரேம்! அதனால்தான் சின்ன ஷாட்டுகளில் இது மாட்டிக்கொள்வதே இல்லை.

பிற்சேர்க்கை 1: போனில் எடுத்தவர்கள் இரண்டு பேர், தப்பு ஒரே சீராக இல்லாமல் ஏறி இறங்குகிறது என்று எழுதியிருந்தார்கள். போன் கேமராக்கள் பிரேம் வேகத்தைத் தாமாகவே மாற்றிக்கொள்ளும். மாறாத வேகத்தில் பதியும் கேமரா செயலியைப் பயன்படுத்துங்கள். ஏற்கெனவே எடுத்துவிட்டால், எடிட்டுக்கு முன்பே நிலையான வேகத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

பிற்சேர்க்கை 2: இன்னொருவருக்கு, ஒலி அலையை வைத்துத் தானாகப் பொருத்தியபோது இரண்டாம் பல்லவியில் எடுத்த டேக் முதல் பல்லவியில் போய் உட்கார்ந்திருக்கிறது. இரண்டு பல்லவியும் ஒரே பதிவின் நகல் என்றால் மென்பொருளுக்கு வித்தியாசம் தெரியாது. பிளே அழுத்துவதற்கு முன் "இரண்டாம் பல்லவி, டேக் மூன்று" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். நான் இப்போது கையிலும் ஒரு சீட்டு எழுதிக் காட்டுகிறேன், ஏனென்றால் ஸ்லோ மோஷனில் சொன்னது கேட்காது.